சாலையோர மலைச்சரிவு: ஆணி அடிக்கும் முன் நீரை வடியுங்கள்

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையை அந்த மலை மக்கள் மறக்கமாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு, மலையை வெட்டிப் போட்ட சாலையைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த மழைக்கு இந்தச் சரிவு நிற்குமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. அதற்குப் பொறியாளர்கள் எப்படி விடை காண்கிறார்கள்?

ஆய்வு சாலையில் தொடங்குவதில்லை, சரிவின் உச்சியில் தொடங்குகிறது. அங்கே சாலைக்கு இணையாகப் பிறை வடிவில் விரிசல் ஓடினால், கீழே உள்ள மண் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். சாய்ந்த மரங்கள், அடிவாரத்தில் உப்பிய மண், தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று திடீரெனக் கலங்குவது ஆகியவையும் அதையே சொல்கின்றன.

அடுத்து, துளையிட்டு மண்ணின் ஆழத்தை அறிய வேண்டும். நீலகிரியின் பாறை சார்னோக்கைட். அது நெடுங்காலம் மழையில் சிதைந்து மண்ணாகும்போது, சிதையாத உருண்டைப் பாறைகள் அந்த மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. துளைக்கருவி அப்படியொரு உருண்டையில் முட்டியதும் அடிப்பாறை வந்துவிட்டது என்று நிறுத்திக்கொண்டால், ஆய்வு முழுவதும் பிழையாகிவிடும். அதனால் பாறை தட்டிய பிறகும் சில மீட்டர் துளைத்துப் பார்ப்பார்கள். எடுத்த மண்ணின் பிடிமானத்தை ஆய்வகத்தில் சோதிப்பார்கள். துளையில் குழாய் இறக்கி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு உயர்கிறது என்றும் கண்காணிப்பார்கள்.

இந்த விவரங்கள் எல்லாம் கடைசியில் ஒரே எண்ணில் சேர்கின்றன. மண்ணைத் தாங்கி நிறுத்தும் விசையை, அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. அது 1-க்குக் கீழே போனால் மண் சரியும். நெடுஞ்சாலைச் சரிவுகளுக்கு வழக்கமான நிலையில் 1.5 அளவுக்கும், கனமழை போன்ற அரிய நிலையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் எதிர்பார்ப்பது பொதுவான நடைமுறை.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 35 டிகிரி சரிவு, பாறை மேல் 3 மீட்டர் மண், ஓரளவு நல்ல பிடிமானம் என்று வைத்துக்கொள்வோம். மண் உலர்ந்திருக்கும்போது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் இழுப்பு 2.6 டன், தாங்குதல் 3.5 டன். பாதுகாப்புக் காரணி 1.35-ஐத் தொடுகிறது. அடர்மழையில் மண் முழுதும் நீர் நிறைந்தால் எடை கூடி இழுப்பு 2.9 டன்னாகிறது. மண்துகள்களுக்கு இடையே நீர் அழுத்துவதால் உராய்வு குறைந்து, தாங்குதல் 2.4 டன்னாக இறங்குகிறது. காரணி ஒன்றுக்கும் கீழே போய்விட, சரிவு நிற்காது. நீர் பாதி உயரத்தோடு நின்றால் காரணி சுமார் 1.1. மண் விழாது, ஆனால் நம்பி இருக்க முடியாது.

இப்போது 'மண் ஆணி' அடிக்கலாம். சரிவில் சாய்வாகத் துளையிட்டு, இரும்புக் கம்பி செருகி, சிமெண்ட் கூழ் நிரப்புவதே அது. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஆணிகள் வைத்து, காரணியை 1.3-க்கு உயர்த்துவதாகக் கொள்வோம். சரிவு முழுக்க நீர் நிறைந்திருந்தால் ஒவ்வோர் ஆணியும் சுமார் 3 டன் தாங்க வேண்டும். நீரைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டால் 1.3 டன் போதும். வடிகால், ஆணியின் சுமையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை இது தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே மேலிருந்து வரும் மழைநீரைச் சரிவுக்குள் விடாமல் திருப்ப, உச்சியில் கசியாத வாய்க்கால் வேண்டும். உள்ளே புகுந்த நீர் வெளியேற, லேசாக மேல்நோக்கிச் சாய்த்துச் செருகிய துளைக்குழாய்கள் வேண்டும். ஆணி, தடுப்புச் சுவர், கம்பிவலைக் கற்கூண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். இடமிருந்தால் சரிவைப் படிப்படியாக வெட்டித் தணிப்பது நல்ல வழி. ஆனால் மேலே வீடுகளும் தேயிலைத் தோட்டங்களும் இருந்தால் அதற்கு இடமிருக்காது. புல்லும் வெட்டிவேரும் மேல்மண் அரிப்பைத் தடுக்கும். வேர் எட்டாத ஆழத்தில் நகரும் மண்ணை அவற்றால் நிறுத்த முடியாது.

இரண்டு பிழைகளால் இந்த வேலை வீணாகும். ஆணி அடிப்பாறையை எட்டாமல் உருண்டைப் பாறையோடு நின்றால், அந்தப் பாறையோடு சேர்ந்தே சரியும். சுவரின் நீர்த்துளைகள் மண்ணால் அடைபட்டால் பின்னால் தேங்கும் நீர் சுவரைத் தள்ளும். மழையின்போது நீர் வராத துளை பெரும்பாலும் அடைபட்ட துளைதான். அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்பே உச்சி வாய்க்காலையும் வடிகுழாய்களையும் சுத்தம் செய்தாக வேண்டும். கணக்கில் நீரைப் பாதி உயரத்தில் நிறுத்திய பொறியாளர் நம்பியது அந்த வாய்க்காலைத்தான். அது அடைபட்டிருந்தால் அவர் போட்ட கணக்கு அந்தச் சரிவுக்குப் பொருந்தாது.