திரையில்லாப் பெட்டி – 4: கரண்ட் கொடுக்கும் முன்

உடன்குடிக் கருப்பட்டிக்குக் கடற்காற்றின் ஈரம் ஆகாது, கசிந்து இளகிவிடும். அதனால்தான் அங்கே ஒரு கிடங்கில் ஈரப்பதத்தைக் குறித்துவைக்க ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ வைத்தோம். திரையும் விசைப்பலகையும் கிடையாது. எனவே உள்ளே நுழையும் வழியை, பலகைக்குக் கரண்ட் கொடுக்கும் முன்பே மெமரி கார்டில் எழுதிவிட வேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கவலை இல்லை. எஸ்எஸ்எச் திறந்தே இருக்கும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஊரறிந்தவை. அப்படி மாற்றப்படாத கடவுச்சொற்களால் கேமராக்களையும் ரூட்டர்களையும் மிராய் என்ற நச்சுநிரல் 2016-இல் வளைத்துப்போட்டது. அந்த நவம்பரிலேயே ராஸ்பெரி பை எஸ்எஸ்எச்சை மூடிவைத்தது. 2022 ஏப்ரலில் `pi` என்ற பொதுப் பயனரையும் எடுத்துவிட்டது.

புக்வொர்ம் பதிப்பை இமேஜர் மென்பொருளில் தேர்ந்தெடுத்ததும், எழுதும் முன் அமைப்புகளைத் திறந்து ஹோஸ்ட்நேம் `kidangu`, பயனர் பெயர் `kadai`, கடவுச்சொல், வைஃபை, நாடு `IN` ஆகியவற்றைக் கொடுங்கள். எஸ்எஸ்எச்சையும் அங்கேயே இயக்கலாம். `wpa_supplicant.conf` கோப்பைப் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இந்தப் பதிப்பில் பலிக்காது.

எழுதி முடித்த கார்டைக் கழற்றி மறுபடி செருகினால் `bootfs` என்ற டிரைவ் தெரியும். மற்றொரு பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். மறுத்துவிடுங்கள். `bootfs`-க்குள் `ssh` என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வையுங்கள். `ssh.txt` என்று சேமித்துவிட்டாலும் பரவாயில்லை, அதையும் ஏற்கும்.

இமேஜரில் இயக்கிய பிறகு இது எதற்கு? நோய் கண்டறிய. பலகை எழுந்ததும் அந்தக் கோப்பைப் பார்த்து எஸ்எஸ்எச்சைத் திறக்கும், பிறகு கோப்பை அழித்துவிடும். கார்டைப் பலகையில் செருகிக் கரண்ட் கொடுத்து, கிடங்கில் சில நிமிடம் காத்திருந்தும் இந்தக் கட்டளை இணையவில்லை:

```
ssh kadai@kidangu.local
```

"லைட்டு மினுங்குது, உள்ள போவ முடியலயே தம்பி" என்றார் கிடங்குக்கார அண்ணாச்சி. பலகையை முறையாக நிறுத்த வழியில்லாததால், பச்சை விளக்கு அடங்கும்வரை பொறுத்து, கரண்டை எடுத்துவிட்டுக் கார்டைக் கணினியில் பார்த்தோம். `ssh` கோப்பு இல்லை. ஆக, கார்டும் பவரும் சரி, இயங்குதளம் எழுந்திருக்கிறது. கோப்பு அப்படியே இருந்திருந்தால் கார்டையோ சார்ஜரையோ சந்தேகித்திருப்போம்.

மிச்சம் வைஃபைதான். ரூட்டர் இரண்டு பெயர்களில் ஒலிபரப்பியது. நாங்கள் கொடுத்திருந்தது 5 கிகாஹெர்ட்ஸ் பெயர். இந்தப் பலகைக்கு 2.4 மட்டுமே கேட்கும். வைஃபை விவரம் விண்டோஸ் படிக்க முடியாத பகுதிக்குப் போய்விட்டதால், சரியான பெயரோடு கார்டை மறுபடி எழுதினோம். ரூட்டரின் பட்டியலில் `kidangu` வந்தது, அதே கட்டளையும் உள்ளே விட்டது.