திக்குவாயும் முதல் சந்திப்பும்

திக்குவாய் உள்ளவரை முதல் சந்திப்பில் பெரும்பாலும் மாட்டிவிடுவது அவருடைய சொந்தப் பெயர்தான். மற்ற சொற்கள் வராவிட்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்று கிடையாது. பிரபு என்ற இளைஞர், செல்பேசியில் பழக்கமான ஒரு பெண்ணை முதன்முறையாகக் காபிக் கடையில் சந்திக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரைச் சொல்ல உதடுகளைச் சேர்க்கிறார். சேர்ந்தவை பிரிய மறுக்கின்றன. மூச்சு நிற்கிறது, தாடை இறுகுகிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது. இரண்டு மூன்று விநாடிகளுக்குச் சத்தமே இல்லை.

பேச்சு வல்லுநர்கள் இதை அடைப்பு என்பார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவதும், ஓர் ஒலி இழுத்துக்கொண்டே போவதும் திக்கலின் மற்ற இரண்டு வடிவங்கள். அவற்றைக் கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அடைப்பு அப்படிப் புரிவதில்லை. பெயரே மறந்துவிட்டதா, உடம்புக்கு ஏதாவதா, தான் தவறாக எதையும் கேட்டுவிட்டோமா என்று அந்தப் பெண் குழம்புகிறார். சங்கடம் பிறப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

இதற்குப் பயந்து பலர் திக்கலை மறைக்கப் பார்க்கிறார்கள். 'காபி' வராது என்று தோன்றினால், பிடிக்காத டீயைச் சொல்லிவிடுகிறார்கள். 'புதுக்கோட்டை' அடைக்கும் என்று தெரிந்தால் 'திருச்சிப் பக்கம்' என்கிறார்கள். அன்றைக்குத் தப்பித்தாயிற்று. ஆனால் அடுத்தமுறை அந்தப் பெண் அக்கறையாக டீ வாங்கி வைப்பார், திருச்சியில் எந்தத் தெரு என்று கேட்பார். சுற்றி வளைத்துப் பேசுபவர் எதையோ ஒளிக்கிறார் என்ற எண்ணமும் வரக்கூடும். திக்கலைவிட இது மோசமான அறிமுகம்.

முன்கூட்டிச் சொல்லிவிடுவதே நல்ல வழி. எப்படிச் சொல்வது என்பதில்தான் சூட்சுமம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி பேர்டும் அவரது குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், திக்குபவர்கள் பேசும் காணொளிகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். திக்கல் இருப்பதைத் தகவலாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்த நல்லெண்ணம், மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னவர்களுக்குக் கிடைக்கவில்லை. காணொளியைப் பார்ப்பது வேறு, நேரில் மேசைக்கு எதிரே உட்காருவது வேறு. இருந்தாலும் காரணம் ஊகிக்கக்கூடியதே. மன்னிப்புக் கேட்டால், 'அதெல்லாம் பரவாயில்லை' என்று தேற்றும் வேலை கேட்பவர் தலையில் விழுகிறது.

ஆகவே பிரபு சந்திப்புக்கு முந்தைய நாள் செய்தியாகவோ, உட்கார்ந்த முதல் சில நிமிடங்களிலோ இப்படிச் சொல்லலாம்: "எனக்குத் திக்கும். சில வார்த்தை வர கொஞ்சம் நேரமாகும், அப்ப கண்ணைக்கூட மூடிக்குவேன். நீங்க எடுத்துக்கொடுக்க வேண்டாம், நானே முடிச்சிடுவேன்." என்ன நடக்கும், எப்படித் தெரியும், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன. அந்தப் பெண் "பதற்றமா?" என்று கேட்டால், இது சின்ன வயதிலிருந்தே இருப்பது, பதற்றத்தால் வந்ததல்ல, பதற்றத்தில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் என்று சொன்னால் போதும்.

சொன்ன பிறகும் அடைக்கத்தான் செய்யும். அப்போது முக்கி, சொல்லை வெளியே தள்ளக் கூடாது. அமெரிக்கப் பேச்சு வல்லுநர் சார்லஸ் வான் ரைப்பர் கற்பித்த ஒரு முறை இங்கே உதவும்: அடைப்பில் இருக்கும்போதே, எங்கே இறுகியிருக்கிறது என்று கவனித்து, அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சொல்லை மெதுவாக நகர்த்தி வெளியே கொண்டுவருவது. பிரபுவின் விஷயத்தில் தளர வேண்டியது உதடு. கண்ணைத் திறந்து எதிரில் இருப்பவரைப் பார்ப்பதும் முக்கியம். பேச்சு இன்னும் முடியவில்லை என்பதைப் பார்வையே சொல்லிவிடும். இதற்கு முன்பயிற்சி வேண்டும், அன்றைக்கு மட்டும் முயன்றால் கைகொடுக்காது.

கடையின் இரைச்சலும் கணக்கில் சேரும். சத்தமான இடத்தில் "என்ன சொன்னீங்க?" என்ற கேள்வி அடிக்கடி வரும், கஷ்டப்பட்டுச் சொன்னதையே மறுபடி சொல்வது இரட்டிப்புக் கஷ்டம். வீட்டில் நடக்கும் பெண் பார்க்கும் நிகழ்ச்சி இன்னும் கடினம். பத்துப் பேர் பார்த்திருக்க, பெயரும் வேலையும் சம்பளமும் அடுத்தடுத்துக் கேட்கப்படும். அங்கே இருவரும் தனியாகப் பேசப் பத்து நிமிடம் கேட்டு வாங்குவது நல்லது.

சொன்னது எடுபட்டதா என்பதைக் கேட்பவரின் நடத்தையே காட்டிவிடும். அடைப்பின்போது பார்வையைத் திருப்பாமல் காத்திருக்கிறார், சொல்லை முடித்துவைப்பதை நிறுத்திவிட்டார் என்றால் எடுபட்டுவிட்டது. முடித்துவைத்துக்கொண்டே இருந்தால், "நானே சொல்லிடறேன்" என்று சிரித்தபடி இன்னொருமுறை சொல்லலாம். இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது: திக்கல் நாளுக்கு நாள் மாறும். முதல் சந்திப்பில் சரளமாகப் பேசியவர் இரண்டாவதில் வாக்கியத்துக்கு வாக்கியம் அடைக்கலாம். இது தெரியாவிட்டால், இடையில் தன்மீது ஏதோ மனக்கசப்பு வந்துவிட்டது என்றே அந்தப் பெண் எடுத்துக்கொள்வார்.