இரண்டு நிமிட மணி

தரையில் கிடக்கும் கனமான மரப்பெட்டியைத் தள்ளிப் பாருங்கள். அது அசையும்வரை அதிக விசை தேவைப்படுகிறது. நகரத் தொடங்கிய பின் குறைந்த விசையே போதும். ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்பதே காரணம். மனம் மரப்பெட்டியன்று, ஆயினும் தள்ளிப்போட்ட வேலையிலும் தொடக்கம்தான் கடினம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தனி ஊசல் சோதனையைச் செய்து பத்து நாளாகிவிட்டது. அளவீடுகள் துண்டுத்தாளில் கிடக்கின்றன. ரெக்கார்டு நோட்டில் எழுதவில்லை. "இன்று மாலை எழுதுவேன்" என்கிறீர்கள். மாலை நீண்டது, எந்த நிமிடத்தையும் அடுத்த நிமிடத்துக்குத் தள்ளலாம். மாறாக இப்படி முடிவு செய்யுங்கள்: "6.30க்கு மணி அடித்ததும் மேசையில் அமர்ந்து, நோட்டைத் திறந்து, தேதியும் சோதனையின் தலைப்பும் எழுதுவேன்." இதற்கு இரண்டு நிமிடம் போதும். பிறகு நிறுத்திவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நேரத்தையும் இடத்தையும் குறிப்பதால் பயனுண்டா? ஜெர்மனியில் உளவியலாளர்கள் கோல்விட்சரும் பிராண்ட்ஸ்டேட்டரும் இதைச் சோதித்து 1997இல் வெளியிட்டனர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். எப்போது, எங்கே எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் உரிய காலத்தில் எழுதினர். குறிக்காதவர்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எழுதினர். குறித்த வேளை வந்ததும், "இப்போதா, பிறகா?" என்று மனம் மீண்டும் வழக்காட வேண்டியிருப்பதில்லை.

ஆனால் மணியை அணைப்பதே வேலையை முடித்தது போன்ற நிறைவைத் தந்துவிடலாம். ஆகவே 6.40க்கு இரண்டாவது மணி வையுங்கள். அதன் வேலை விரட்டுவதன்று, நிலைமையைக் கேட்பது. அப்போது எழுதிக்கொண்டிருந்தால் மணியை அணைத்துவிட்டுத் தொடருங்கள். தலைப்போடு நின்றிருந்தால், 20 அலைவுகளுக்கான அட்டவணைக்குக் கோடு போடுவது போன்ற அடுத்த சிறு படியைச் செய்யுங்கள். தொடங்கவே இல்லையென்றால், "நோட்டைத் திறப்பது மட்டும்" என்று படியைச் சுருக்குங்கள். மூன்றாவது மணி வேண்டாம். அடிக்கடி ஒலிக்கும் மணி காதுக்குப் பழகிப்போய் பொருளற்றதாகிவிடும்.

சில நாட்கள் கவனித்தால் கோளாறு எங்கே என்பது தெரியும். நாள்தோறும் 6.30க்கு விளையாட்டிலோ கடைத்தெருவிலோ இருந்தால், தவறு வேளையில், அதை மாற்றுங்கள். கைப்பேசியில் மணியை அணைக்கப் போய்ச் செய்திகளில் மூழ்கினால், மேசைக் கடிகாரத்துக்கு மாறுங்கள்.

மூன்று நாளும் ஒழுங்காகத் தொடங்கி, மூன்று நாளும் g-இன் மதிப்பைக் கணக்கிடும் இடத்திலேயே நின்றுவிட்டால்? அது சோம்பலன்று. அந்தக் கணக்கு உங்களுக்குப் புரியவில்லை. அதை எந்த மணியாலும் தீர்க்க முடியாது. மறுநாள் காலை ஆசிரியரிடம் கேளுங்கள். தொடங்க முடியாமையையும் புரியாமையையும் பிரித்துக் காட்டியதே அந்த இரண்டு நிமிடத்தின் பயன்.