நிற்க முடியாத புள்ளி வகுக்கும் எல்லை

ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தைக் காட்டி, அடுத்த நொடி குண்டு எங்கே இருக்கும் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. குண்டு இருக்கும் இடம் படத்தில் தெரிகிறது. அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியவில்லை. இரண்டும் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் தொடாதவரை, ஊசல் என்னவெல்லாம் செய்யும் என்பது முழுக்கத் தீர்மானமாகிவிடும். இப்படி இரண்டு எண்களைச் சொன்னால் போதும் என்றிருப்பதைத்தான் இரண்டாம் வரிசை அமைப்பு என்கிறார்கள்.

அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறிக்கலாம். கிடை அச்சில் ஊசலின் கோணம், செங்குத்து அச்சில் அதன் கோண வேகம். ஊசலின் இந்த நொடி நிலை தாளில் ஒரு புள்ளி. நேரம் ஓட ஓட அந்தப் புள்ளி நகர்ந்து ஒரு தடம் வரைகிறது. எங்கெங்கிருந்தோ தொடங்கும் தடங்கள் பலவற்றை ஒரே தாளில் வரைந்தால் கிடைக்கும் படத்துக்குக் கட்டத் தளம் என்று பெயர். நேரத்துக்கென்று இதில் அச்சு கிடையாது. தடத்தின் மேல் போடும் அம்புக்குறிதான் நேரம்.

1881-இல் பிரெஞ்சுக் கணிதர் ஆன்றி புவான்காரே இந்தத் தடங்களைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வைத் தொடர் கட்டுரைகளாக வெளியிடத் தொடங்கினார். பெரும்பாலான சமன்பாடுகளுக்குச் சூத்திர வடிவில் விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்காவிட்டால் போகட்டும், தடங்கள் என்ன வடிவில் போகின்றன என்றாவது சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். அசைவே இல்லாமல் நிற்கக்கூடிய சமநிலைப் புள்ளிகளைச் சுற்றிப் பார்த்தால் போதும், அங்கே சில வகை வடிவங்களே வர முடியும் என்று கண்டார். சுருள், கணு, சேணப்புள்ளி, மூடிய வளையங்களால் சூழப்பட்ட மையம் ஆகியவையே அந்த வகைகள்.

இவை நான்கையும் ஒரே ஊசலில் பார்த்துவிடலாம். நூலுக்குப் பதிலாக 2.45 மீட்டர் நீளமுள்ள, எடை மிகக் குறைந்த விறைப்பான கம்பி. நுனியில் கனமான குண்டு. முழு வட்டமும் சுற்றி வரக்கூடிய அச்சாணி. புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ இந்த நீளத்தால் வகுத்தால் 4 வருகிறது. கணக்கு எளிதாக அமையட்டும் என்றுதான் இந்த நீளம். சமன்பாடு இது:

θ'' + bθ' + 4 sin θ = 0

θ என்பது நேர்கீழே தொங்கும் நிலையிலிருந்து அளக்கும் கோணம். b என்பது காற்றும் அச்சாணியும் தரும் உராய்வின் அளவு. சமநிலை இரண்டு இடங்களில் உண்டு. கீழே தொங்குவது ஒன்று; தலைகீழாக, உச்சியில் செங்குத்தாக நிற்பது மற்றொன்று.

முதலில் கீழே பார்ப்போம். சிறிய கோணங்களுக்கு sin θ-வும் θ-வும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், λ² + bλ + 4 = 0 என்ற பள்ளிக்கூட இருபடிச் சமன்பாடே விஷயத்தைச் சொல்லிவிடும். உராய்வு குறைவாக, b = 0.4 என்று இருந்தால், மூலங்கள் −0.2 ± 1.99i என்ற கலப்பெண்கள். இதில் i ஒட்டிய பகுதி ஆட்டத்தைக் குறிக்கிறது, −0.2 அந்த ஆட்டம் தேய்வதைக் குறிக்கிறது. தாளில் தடம் மையத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே சுருண்டு வரும். ஒரு சுற்றுக்கு 3.16 நொடி, ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு பாதிக்குச் சற்று மேலாகக் குறைகிறது, அதாவது முன்பிருந்ததில் 53 சதவீதம் மிஞ்சுகிறது. இதுதான் சுருள்.

அதே ஊசலைக் கெட்டியான எண்ணெய்க்குள் வைத்ததாக எண்ணி b-ஐ 5 ஆக்கினால், மூலங்கள் −1, −4 என்று இரண்டும் மெய்யெண்களாகிவிடும். சுழற்சி மறைந்துவிடுகிறது. குண்டு கீழ்நோக்கி நகர்ந்து, மறுபக்கம் போகாமல் அடங்குகிறது. இந்தக் கணுவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. −4 சார்ந்த பகுதி ஒரே நொடியில் 2 சதவீதத்துக்கும் கீழே கரைந்துவிடும். −1 சார்ந்த பகுதியில் அப்போதும் 37 சதவீதம் மிச்சமிருக்கும். அதனால் தடங்கள் எங்கே தொடங்கினாலும் முதலில் ஒரு குறிப்பிட்ட சாய்கோட்டை நோக்கிப் பாய்ந்து, பிறகு அதை ஒட்டியே மெல்ல மையத்துக்கு வருகின்றன. சுருளும் கணுவும் பிரியும் இடம் b = 4. முள் வைத்த மின் அளவிகளில் முள் ஆடிக்கொண்டே இருக்கவும் கூடாது, ஊர்ந்து வரவும் கூடாது என்பதற்காக உராய்வை இந்த எல்லைக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம்.

இனி உச்சிக்குப் போவோம். அங்கே புவியீர்ப்பு குண்டைத் திருப்பி இழுக்காமல் விலக்கித் தள்ளுகிறது. அதனால் 4-இன் குறி மாறுகிறது: λ² + 0.4λ − 4 = 0. மூலங்கள் 1.81, −2.21. ஒன்று நேர்க்குறி, மற்றொன்று எதிர்க்குறி. அதாவது ஒரு திசையில் வரும் தடங்கள் புள்ளியை நெருங்குகின்றன, இன்னொரு திசையில் விலகி ஓடுகின்றன. குதிரைச் சேணத்தில் முன்னும் பின்னும் மேடாகவும் இரு பக்கமும் சரிவாகவும் இருப்பதைப் போன்ற அமைப்பு என்பதால் இது சேணப்புள்ளி. உச்சியிலிருந்து பத்தில் ஒரு பாகை மட்டும் விலக்கி அசையாமல் விட்டால், விலகல் விரைவிலேயே 0.38 நொடிக்கு ஒரு முறை இருமடங்காகத் தொடங்கும். 3 நொடிக்குள் 10 பாகை சாய்ந்திருக்கும். உராய்வை எவ்வளவு கூட்டினாலும் ஒரு மூலம் நேர்க்குறியாகவே இருக்கும். எண்ணெய் விழுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

எந்த ஊசலும் தங்க முடியாத இந்தப் புள்ளிதான் முழுப் படத்தையும் ஆள்கிறது என்பது என் எண்ணம். சேணப்புள்ளியை மிகச் சரியாக வந்து தொடும் தடங்கள் இரண்டே உண்டு. அவை பிரிகோடுகள். கீழே தொங்கும் குண்டை ஓங்கித் தட்டுவதாக வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லாவிட்டால், நொடிக்கு 4 ரேடியன், அதாவது குண்டின் வேகம் நொடிக்கு 9.8 மீட்டர் என்பதே எல்லை. அதற்குக் குறைந்தால் ஊசல் உச்சியை எட்டாமல் திரும்பும்; கூடினால் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். உராய்வு இருந்தால் எல்லை சற்று உயரும், அவ்வளவுதான். பிரிகோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று தொடங்கும் இரண்டு தடங்கள் உச்சி வரை ஒட்டியே போய், அங்கே பிரிந்து வெவ்வேறு சுருள்களில் முடிகின்றன.

கணினியில் இந்தப் படத்தை வரைபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் மையம். உராய்வு முற்றிலும் இல்லாத ஊசலின் தடங்கள் மூடிய வளையங்கள். சுருள், கணு, சேணம் மூன்றும் சிறிய பிழைகளைத் தாங்கும், மையம் தாங்காது. ஆய்லர் முறை என்ற மிக எளிய வழியில், 0.05 நொடிக்கு ஒரு அடி என்று கணக்கிட்டால், நம் ஊசலின் சிறிய வளையம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 37 சதவீதம் பெருத்து, வெளியே விரியும் சுருளாகத் தெரியும். அந்த ஆற்றல் கணக்கின் பிழையிலிருந்து வந்தது. அடியின் அளவைப் பாதியாக்கிப் பார்த்தால் பெருக்கமும் ஏறக்குறைய பாதியாகும். அப்படியானால் அது இயற்பியல் அல்ல. படம் சரியா என்று பார்க்க இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. வேகம் நேர்க்குறியாக உள்ள மேல்பாதியில் எல்லா அம்புகளும் வலப்பக்கமே போக வேண்டும். சமநிலை அல்லாத எந்த இடத்திலும் இரண்டு தடங்கள் குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினால் ஒரே நிலைக்கு இரண்டு எதிர்காலங்கள் என்றாகிவிடும்.

மின்நிலைய ஜெனரேட்டரின் ரோட்டார் ஏறக்குறைய இதே சமன்பாட்டில் அடங்குகிறது. மின்கட்டமைப்பின் தாளத்தைவிட ரோட்டார் எவ்வளவு கோணம் முந்தி நிற்கிறதோ, அந்தக் கோணத்தின் சைனுக்கு ஏற்ப மின்சாரம் வெளியே போகிறது. டர்பைன் இடைவிடாமல் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருப்பதுதான் வேறுபாடு. ஓர் உதாரணம்: ஜெனரேட்டர் தன் திறனில் 80 சதவீதம் தருகிறது, தடம் அதிகபட்சம் 160 சதவீதம் வரை கொண்டுபோகும். பாதி என்பதால் சைன் 0.5. ஆகவே சுருளின் மையம் 30 பாகையில், சேணப்புள்ளி 150 பாகையில்.

ஜெனரேட்டருக்கு மிக அருகே ஷார்ட் சர்க்யூட் ஆகிறது. மின்சாரம் வெளியேற வழியில்லை. டர்பைனின் தள்ளுதல் முழுவதும் ரோட்டாரை முடுக்குகிறது. ரோட்டாரின் சுழலாற்றல், முழுத் திறனை 5 நொடிக்குத் தரப் போதுமான அளவு என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 25 ரேடியன். 0.1 நொடியில் சர்க்யூட் பிரேக்கர் பழுதைத் துண்டித்தால் கோணம் 37 பாகையே ஆகியிருக்கும். ரோட்டார் சில முறை ஆடிச் சுருண்டு பழைய இடத்துக்கு வரும். இந்தியாவில் 400 கிலோவோல்ட் தடங்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பும் இந்த 0.1 நொடிதான். 0.26 நொடி ஆகிவிட்டால் கோணம் ஏறக்குறைய 80. சேணப்புள்ளிக்கு இன்னும் 70 பாகை இருக்கிறதே என்று கோணத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் வேகம் நொடிக்கு 6.6 ரேடியன் கூடியிருக்கிறது. கோணம், வேகம் இரண்டும் சேர்ந்த அந்தப் புள்ளி பிரிகோட்டின் மேலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு பழுதை நீக்கினாலும் ரோட்டார் கட்டமைப்போடு இசைந்து ஓடாது. ஜெனரேட்டரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

ஒரு ஜெனரேட்டரும், அசைக்க முடியாத அளவு பெரிய ஒரு கட்டமைப்பும் என்று எடுத்துக்கொண்டதால்தான் இதை ஒரு தாளில் வரைய முடிகிறது. பல இயந்திரங்கள் சேர்ந்து ஆடும்போது, வோல்டேஜ் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கணக்கில் வரும்போது, நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் போதா. பொறியாளர்கள் முழு அமைப்பையும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கேயும் தேடுவது இதே எல்லையைத்தான்.

சுமையைப் பொறுத்து எல்லை நகரும். அதே ஜெனரேட்டர் 40 சதவீதம் மட்டும் தந்துகொண்டிருந்தால், சேணப்புள்ளி 150-லிருந்து 165 பாகைக்கு மேல் தள்ளிப்போகும், சுருளின் மையம் 14-க்கு இறங்கும், கிடைக்கும் அவகாசம் 0.51 நொடியாக உயரும். சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. சுருள் கடைசியில் கணுவாகி, 160 சதவீதத்தில் இரண்டும் 90 பாகையில் சேர்ந்து ஒன்றாகின்றன. அதற்கு மேல் சமநிலைப் புள்ளியே இல்லை.