கழித்துப் பெருக்கும் வழி

தொண்ணூற்றொன்பது ரூபாய்ப் பொருள் ஏழு வாங்கினால், கடைக்காரர் தாளை எடுத்துப் பெருக்கிக்கொண்டிருக்க மாட்டார். "எழுநூறு, அதுல ஏழு போச்சு, அறுநூத்தித் தொண்ணூத்தி மூணு" என்று வாயாலேயே கணக்கை முடித்துவிடுவார். பெரிய எண்ணுக்குப் போய்விட்டுக் கொஞ்சம் திரும்பி வருவது நமக்குப் பழக்கமானதுதான். தொண்ணூறு என்ற சொல்லுக்குள்ளேயே நூறு உட்கார்ந்திருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் பழைய மேசைப் பொறிகளை இயக்கியவர்களுக்கும் இந்தத் தந்திரம் தெரியும். ஒரு சுற்று என்றால் ஒரு கூட்டல். 99ஆல் பெருக்க, ஒன்றாம் இடத்தில் ஒன்பது, பத்தாம் இடத்தில் ஒன்பது என்று 18 சுற்று வேண்டும். விவரம் தெரிந்தவர் நூறாம் இடத்துக்கு நகர்த்தி முன்பக்கமாக ஒரு சுற்று, ஒன்றாம் இடத்தில் பின்பக்கமாக ஒரு சுற்று என்று இரண்டிலேயே முடிப்பார். இடம் நகர்த்துவது சுலபம், சுற்றுவதுதான் வேலை.

லண்டன் பர்க்பெக் கல்லூரியில் ஆண்ட்ரூ டொனால்ட் பூத் படிகங்களின் அமைப்பை எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியில் கணக்குக்குக் குறைவே இல்லை. கணினி கட்டுவதிலும் இறங்கிய அவர், 1950இல் ஒரு பெருக்கல் முறையைக் கண்டுபிடித்தார். அதன் கட்டுரை 1951இல் வெளிவந்தது.

கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள்தான். அவற்றை பிட் என்கிறோம். 0111 என்றால் நான்கும் இரண்டும் ஒன்றும் சேர்ந்த ஏழு. சாதாரண முறையில் ஏழால் பெருக்க மூன்று கூட்டல் ஆகும். ஆனால் ஏழு என்பது எட்டில் ஒன்று குறைவு. ஆகவே ஒரு கழித்தலும் ஒரு கூட்டலும் போதும். தொடர்ந்து எத்தனை 1 வந்தாலும் இதே கணக்குதான். வலமிருந்து படித்து வரும்போது 1களின் வரிசை தொடங்கும் இடத்தில் கழி, வரிசை முடிந்து 0 வரும் இடத்தில் கூட்டு, மற்ற இடங்களில் சும்மா இரு. பூத்தின் விதி இவ்வளவுதான்.

வரிசை தொடங்குகிறதா, முடிகிறதா என்று தெரிய இரண்டு பிட்டைப் பார்த்தால் போதும்: இப்போதைய பிட், அதற்கு வலப்பக்கத்துப் பிட். ஜோடி 10 என்றால் தொடக்கம், 01 என்றால் முடிவு. 00, 11 இரண்டுக்கும் வேலை இல்லை. முதல் பிட்டுக்கு வலப்பக்கம் எதுவும் இல்லாததால் அங்கே ஒரு 0 வைத்துக்கொள்கிறோம்.

அழகே குறை எண்ணில்தான். நான்கு பிட் எண்ணில் இடது ஓர இடத்தின் மதிப்பைக் கணினி −8 என்று வைத்துக்கொள்ளும், மற்றவை 4, 2, 1. அதனால் −5 என்பது 1011, அதாவது −8 + 2 + 1. இடது ஓரத்தில் 1 இருந்தால் அங்கே தொடங்கிய வரிசை முடியவே முடியாது, ஏனென்றால் அதைத் தாண்டி 0 வர இடமே இல்லை. எட்டாம் இடத்தில் கழித்தோம், பதினாறாம் இடத்தில் கூட்டவேயில்லை. மிஞ்சுவது −8. அந்த இடத்தின் மதிப்பும் அதுதானே! குறியைக் கழற்றி வைத்துப் பெருக்கி, கடைசியில் திரும்ப ஒட்டும் வேலையே இல்லாமல் போனது இதனால்தான்.

இப்போது −6ஐ −5ஆல் பெருக்கிப் பார்ப்போம். −6 என்பது 1010. அதைக் கழிப்பதும் +6ஐ, அதாவது 0110ஐக் கூட்டுவதும் ஒன்றே. இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துக்கொள்வோம். இடப்பெட்டி காலி, வலப்பெட்டியில் −5. அதன் வலது ஓரத்தில் வால்போல ஒரு 0. ஒவ்வொரு படியிலும் வலப்பெட்டியின் கடைசி பிட்டையும் வாலையும் பார்த்து, இடப்பெட்டியில் கழிக்கவோ கூட்டவோ செய்து, பிறகு எல்லாவற்றையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ள வேண்டும். பள்ளியில் பெருக்கும்போது ஒவ்வொரு வரியையும் ஓர் இடம் இடது தள்ளி எழுதுவோமே, அதையே தாளை நகர்த்திச் செய்வதுபோல.

```
தொடக்கம்        0000 1011 0
1 (10) கழி       0110 1011 0
  தள்ளு          0011 0101 1
2 (11) சும்மா     0011 0101 1
  தள்ளு          0001 1010 1
3 (01) கூட்டு     1011 1010 1
  தள்ளு          1101 1101 0
4 (10) கழி       0011 1101 0
  தள்ளு          0001 1110 1
```

வாலை விட்டுவிட்டு இரு பெட்டிகளையும் சேர்த்துப் படித்தால் 00011110, அதாவது 16 + 8 + 4 + 2 = 30. குறைக்குக் குறை நிறை என்ற விதியை எங்கேயும் நாம் பயன்படுத்தவில்லை. நான்காம் படியில் 1101உடன் 0110ஐக் கூட்டும்போது ஐந்தாவதாக ஒரு 1 வெளியே வழியும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மூன்றாம் படியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். 1011ஐத் தள்ளும்போது இடது ஓரத்தில் காலியாகும் இடத்தில் 1 போட்டிருக்கிறோம். இருந்த குறியையே திரும்ப எழுத வேண்டும் என்பது விதி. மாணவனாக இருந்தபோது நான் ஒரு தேர்வில் பழக்கதோஷத்தில் 0 போட்டுவிட்டேன். அப்படிப் போட்டால் இந்தக் கணக்கில் 30க்குப் பதில் 94 வந்து நிற்கும். விடை சரியாக 64 கூடுதலாக இருப்பதே தவறு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு பிட் அடுத்த தள்ளலுக்குப் பின் அறுபத்து நான்காம் இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இன்னொரு பொறி கொஞ்சம் நுட்பமானது. பெருக்கப்படும் எண் −8 ஆக இருந்தால்? அதைக் கழிக்க +8 வேண்டும். நான்கு பிட்டில் எட்டித் தொடக்கூடிய பெரிய எண் 7தான். அதனால் −8ஐ 1ஆல் பெருக்கினால் இந்தப் பெட்டிகள் கூச்சமில்லாமல் +8 என்று சொல்லும். இடப்பெட்டிக்கு ஒரு பிட் கூடுதலாகக் கொடுத்தால் கோளாறு தீர்ந்துவிடும்.

வேகத்தைப் பற்றிப் பேசினால், இந்த முறை எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. 0101ஆல் பெருக்கிப் பாருங்கள். வரிசை தொடங்குவதும் முடிவதுமாகவே இருக்கும்; இரண்டு கூட்டலில் முடிய வேண்டியது நான்கு வேலையாகிவிடும். இந்தக் குறையைத் தீர்க்க ஓ. எல். மாக்ஸோர்லி 1961இல் எழுதிய கட்டுரையில் வந்த வழி, மூன்று பிட்டைப் பார்த்து ஒரு படிக்கு இரண்டு இடம் நகர்வது. எந்த எண் வந்தாலும் அதில் படிகள் பாதிதான். இன்றைய வன்பொருள் பெருக்கிகளில் பரவலாக இருப்பது அந்தத் திருத்திய வடிவமே.

கையில் பென்சில் இருந்தால் 3ஐ −4ஆல் பெருக்கிப் பாருங்கள். 3 என்பது 0011, −4 என்பது 1100. நான்கு படியில் ஒரே ஒரு கழித்தல்தான் வரும். 1111 0100 என்று முடிந்தால் கணக்கு சரி. 0இல் தொடங்கினால் தள்ளும்போது கை தவறியிருக்கிறது.