நம்ம நம்பர் அவங்க போனில் இருக்கிறதா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடப் போகிறது. இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்போம். ஒருமுறை நம் கடைக்கு வந்தவரை போன் வழியாகத் திரும்ப அழைப்பது எப்படி என்பதுதான் அது.

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு கருவாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஏரியையும் டச்சுக்காரர் கல்லறையையும் பார்க்கச் சென்னையிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். திரும்பும்போது அரைக் கிலோ நெத்திலி வாங்கிப் போகிறார்கள். குழம்பு வைத்துப் பார்த்தால் ருசி பிடித்துப்போகிறது. ஆனால் கருவாடு தீர்ந்ததும் வீட்டுப் பக்கத்து மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நம் சரக்கில் குறையில்லை. நம்மை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சோஷியல் மீடியா என்றதும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் திறக்கச் சொல்வார்கள். திறக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் கண்ணில் பட அவை உதவும். ஆனால் நாம் போடுகிற படத்தை யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்பதை அந்தக் கம்பெனியே முடிவு செய்கிறது. நம் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களிலேயே பலருக்கு அது போய்ச் சேராது. ஏற்கெனவே நம்மிடம் வாங்கியவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பதால் நான் வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனியாக ஒரு ஆப் இருக்கிறது. கடைக்காரர்களுக்காக 2018இல் வந்தது, காசு கிடையாது. அதில் கடையின் பெயர், இடம், திறக்கும் நேரம் எல்லாம் எழுதி வைக்கலாம். சரக்கின் படத்தையும் விலையையும் வரிசையாகப் போட்டு வைக்கலாம். ஒரே நம்பர் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் வீட்டுப் பேச்சுக்கு ஒரு நம்பர், கடைக்கு ஒரு நம்பர் என்று பிரித்துக்கொண்டால் நல்லது. பழைய பட்டன் போன் சிம் ஒன்று சும்மா கிடந்தால் அதுவே போதும். ஆறு இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும், அதைப் போட்டால் திறந்துவிடும். அந்த எண்ணை வேறு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னால் நம் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.

இனி வாங்கியவர்களுக்குச் சேதி அனுப்ப வேண்டும். குரூப் தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் நண்டு வாங்கிய ஒரு அக்காவின் நம்பரை முன்பின் தெரியாத ஐம்பது பேரிடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நமக்குச் சரி. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நாம் ஒருமுறை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். பதிலும் நமக்கு மட்டுமே வரும்.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். நூறு பேர் நம்பர் என் போனில் இருக்கிறது, லிஸ்ட்டில் போட்டேன், அனுப்பினேன், அதனால் நூறு பேருக்கும் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகாது. யார் தங்கள் போனில் நம் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் அது போகும். வீடு வீடாகப் பத்திரிகை வைக்கப் போகிறோம், நம்மைத் தெரிந்த வீட்டில்தான் கதவைத் திறக்கிறார்கள், அந்த மாதிரி. முன்பின் தெரியாதவன் ஆயிரம் பேருக்கு விளம்பரம் அள்ளி வீசக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஸ்டேட்டஸுக்கும் இதே கதைதான். அவர் நம்பர் நம்மிடமும், நம் நம்பர் அவரிடமும் இருந்தால்தான் அவருக்குத் தெரியும். அதுவும் 24 மணி நேரத்துக்குத்தான்.

இரண்டு போனை வைத்து இப்போதே பார்த்துவிடலாம். பக்கத்தில் இருப்பவரின் போனிலிருந்து உங்கள் நம்பரை அழித்துவிட்டு, பிராட்காஸ்டில் ஒரு படம் அனுப்புங்கள். வராது. நம்பரைப் பதிந்துவிட்டு மறுபடி ஒன்று அனுப்புங்கள், வந்துவிடும். உங்கள் போனில் அந்தச் சேதியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' என்பதைத் தொட்டால், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயரோடு காட்டும். ஓரிரு நாள் கழித்தும் அதில் ஒருவர் பெயர் இல்லையென்றால் அவர் நெட் போடாமல் இருக்கலாம். நாலைந்து சேதியிலும் அவர் பெயர் வரவில்லை என்றால், அநேகமாக நம் நம்பர் அவரிடம் இல்லை.

ஆகவே உண்மையான வேலை போனில் இல்லை, கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கிறது. கருவாட்டைப் பொட்டலம் கட்டும்போதே கேட்டுவிட வேண்டும். "சார், அடுத்த வாட்டி நல்ல சரக்கு வந்தா போட்டோ அனுப்புறேன். நம்ம நம்பரை சேவ் பண்ணிக்குங்க. பழவேற்காடு கருவாடுன்னு போடுங்க." ஊர்ப் பெயரோடு பதியச் சொல்வதில் காரணம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் தேடும்போது கடைக்காரர் பெயர் அவருக்கு ஞாபகம் வராது, பழவேற்காடு ஞாபகம் வரும். பதிந்ததும் அவர் போனிலிருந்தே நமக்கு ஒரு ஹலோ போடச் சொல்லுங்கள். அது வந்தால் நம்பர் சரி. அவர் கிளம்புவதற்குள் நாமும் அவரைப் பதிந்துவிடலாம். பெயரோடு 'நெத்திலி, அண்ணா நகர்' என்று ஒட்டி வைத்தால் யாருக்கு எதை அனுப்புவது என்பது பின்னால் குழம்பாது. விருப்பமில்லை என்கிறவரை வற்புறுத்த வேண்டாம். சலித்துப்போய் நாலு பேர் நம்மைப் பற்றிப் புகார் தட்டினால் நம் நம்பரையே முடக்கிவிடவும் கூடும்.

வாரத்துக்கு ஒரு சேதி போதும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்பினால், கிளம்புவதற்கு முன் யோசிக்க நேரம் இருக்கும். படத்தைக் காலை வெயிலில் எடுங்கள். பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் நெத்திலி மஞ்சளடித்துப் பழைய சரக்கு போலத் தெரியும், ஃபிளாஷ் போட்டால் உப்பு பளிச்சிட்டு மீனையே மறைத்துவிடும். ஒரு கை அள்ளி உள்ளங்கையில் வைத்து எடுத்தால் மீனின் அளவும் தெரியும், மணல் ஒட்டவில்லை என்பதும் தெரியும். படத்துக்குக் கீழே மூன்று விவரம் இருந்தால் போதும்: என்ன மீன், அரைக் கிலோ என்ன விலை, எப்போது வரைக்கும் சொன்னால் எடுத்து வைப்போம். விலையைப் போடாமல் 'போன் செய்யவும்' என்று மட்டும் எழுதினால் பலர் போன் செய்வதில்லை, அடுத்த சேதிக்குப் போய்விடுகிறார்கள். கடல் மூடிக்கிடக்கிற வாரத்திலும் மழையில் எதுவும் காயாத வாரத்திலும் பழைய படத்தை அனுப்பாதீர்கள். இந்த வாரம் சரக்கு இல்லை என்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இது பணம் சம்பந்தப்பட்டது. நம்பர் பரவப் பரவத் தெரியாதவர்களும் ஆர்டர் கொடுப்பார்கள். அதில் ஒரு ரகம் மோசடி. பெரிய ஆர்டர் கொடுத்துவிட்டு, "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் வெளியே போகும். தவறிப் போட்டுவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.