மாத்திரை வலியை நிறுத்தும், பிள்ளையைத் தராது

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண்ணுக்கு அடுக்கிய கணக்குக்குத்தான் கூலி. மாதத்தில் 2 நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் அந்தக் காசு போச்சு. அதனால் மருந்துக் கடையில் வயித்துவலி மாத்திரை கேட்டு வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் சொன்னால், "சூட்டு வலிதான், வெந்தயம் ஊறப்போட்டுக் குடி. கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்பதோடு முடிந்தது.

எல்லாம் சூட்டு வலி இல்லை. கர்ப்பப்பையின் உள்ளே இருக்கவேண்டிய சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் குடல் மேலும் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதவிலக்கின்போது அதுவும் கசியும். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 பேருக்கு ஒருவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூரமாவதற்கு முன்பே வலி தொடங்குவது, அந்த நாட்களில் மலம் கழிக்கையில் குத்துவது, கணவனோடு சேரும்போது உள்ளே ஆழத்தில் வலிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதை நம் பெண்கள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை, டாக்டர்கள் பலரும் கேட்பதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சிறு படலங்கள் ஸ்கேனுக்குத் தப்பிவிடும்.

ஒரு பேச்சுக்கு முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். வயது 29, கல்யாணமாகி 2 வருஷம். இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி. டாக்டர் டையனோஜெஸ்ட் 2 மி.கி. மாத்திரையைத் தினமும் ஒன்று, இடைவெளி விடாமல் போடச் சொல்கிறார். முதல் 3 மாதம் அவ்வப்போது தீட்டுப் படும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. பிறகு தூரம் நின்றுபோகும், வலியும் அடங்கும். 6 மாதம் கழித்து மாமியார் கேட்கிறார்: "இத்தனை மாத்திரை முழுங்கியும் ஏன் இன்னும் தங்கல?"

தங்காது. அந்த மாத்திரையின் வேலையே முட்டை வெளிவருவதை அடக்குவதுதான். கருத்தடை மாத்திரையும், மாதம் ஒரு முறை போடும் லூப்ரோலைடு ஊசியும் அப்படியே. இவற்றை ஆறு மாதம் போட்டு நிறுத்தினால் பிறகு சீக்கிரம் கரு தங்கும் என்பது ஆய்வுகளில் நிற்காத நம்பிக்கை. அந்த மாதங்கள் வீண்தான். குழந்தை இப்போது வேண்டாம் என்பவளுக்கு இவை நல்ல மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் 'அந்தரா' ஊசியும் வலியைக் குறைக்கும். ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிப்பு திரும்பப் பல மாதம் பிடிக்கும் என்பதால், அடுத்த வருஷமே பிள்ளை வேண்டும் என்பவள் அதை ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே டாக்டர் முன் உட்கார்ந்ததும் முதலில் சொல்லவேண்டியது, "எனக்கு இப்போ வலி நிக்கணுமா, பிள்ளை வேணுமா" என்பதைத்தான்.

பிள்ளைதான் என்றால் முத்துலட்சுமி மாத்திரையை டாக்டர் சொல்படி நிறுத்தவேண்டும். நோயில்லாத தம்பதிக்கு ஒரு மாதத்தில் 100க்கு 15 முதல் 20 வாய்ப்பு உண்டென்றால், சிகிச்சை பெறாத எண்டோமெட்ரியோசிஸில் 2 முதல் 10தான். குறைவு, ஆனால் பூஜ்யமில்லை. கூடவே முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை, குழாய் அடைப்புச் சோதனை, கணவரின் விந்துப் பரிசோதனை. கடைசியைத் தள்ளிப்போடுவதுதான் நம்மூர் வழக்கம். அதனால் வருஷங்கள் போகின்றன.

"கட்டியை எடுத்துவிடலாம்" என்று அவசரப்படுத்தினால் நிதானிக்கவேண்டும். கட்டியின் தோலை உரிக்கும்போது நல்ல முட்டைகளும் கூடவே போகும், ஏ.எம்.எச். இறங்கும். இரண்டு பக்கமும் கட்டி இருந்தாலோ, முன்பே ஒரு முறை ஆபரேஷன் ஆகியிருந்தாலோ ஆபத்து அதிகம். தாங்கமுடியாத வலி, சந்தேகமான கட்டி என்றால் எடுக்கத்தான் வேண்டும். எதுவானாலும் ஏ.எம்.எச். அளவு தெரிந்த பிறகே கத்தி படவேண்டும். லேப்ராஸ்கோப்பி நடந்தால் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எங்கே, எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதை வைத்துத்தான் பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலோ மதுரையிலோ அடுத்த டாக்டர் வாய்ப்பைக் கணிப்பார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைக் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்குப் போவதானால் அந்த மையம் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆபீஸில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், டாக்டர் சான்றோடு விடுப்பு எடுக்கும் நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிடித்தம் செய்துவிட்டு அட்டையைக் கையில் தராத இடங்களில் முதலில் கேட்கவேண்டியது ஈ.எஸ்.ஐ. எண்ணை.

இன்னொன்று. கடையில் வாங்கும் அந்த வயித்துவலி மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் மெஃபனமிக் அமிலம். அதைப் போட்ட சில வாரங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்பு, நெறிக்கட்டு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் விட்ட எச்சரிக்கை அதைப் பற்றித்தான்.